நாரையா, கொக்கா: களக் கையேட்டைத் தமிழாக்கும்போது பெயர்களை என்ன செய்வது?

ஆங்கிலப் பறவைக் கையேடுகளில் ஹெரானும் ஸ்டார்க்கும் வரும் பக்கத்தில் தவறாமல் ஒரு வரி இருக்கும். ஹெரான் பறக்கும்போது கழுத்தை மடக்கி வைத்துக்கொள்ளும், ஸ்டார்க் கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கும். ஊசுட்டேரிக் கரையில் நின்று தலைக்கு மேலே போகிற பெரிய பறவை எதுவென்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான அடையாளம் கிடையாது, நிறமே தெரியாத வெளிச்சத்திலும் கழுத்து தெரியும். இப்போது அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைத் தமிழில் எழுதிப் பாருங்கள். நாரைகள் கழுத்தை மடக்கிப் பறக்கும், நாரைகள் கழுத்தை நீட்டிப் பறக்கும். அவ்வளவுதான், அடையாளம் போச்சு.

இதில் மொழிபெயர்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. Ardea cinerea தமிழ்ப் பறவை நூல்களில் சாம்பல் நாரை, Ardea purpurea செந்நாரை. இரண்டும் ஹெரான்கள். Anastomus oscitans நத்தைக்குத்தி நாரை, Mycteria leucocephala மஞ்சள்மூக்கு நாரை அல்லது சங்குவளை நாரை. இரண்டும் ஸ்டார்க்குகள். அதே ஹெரான் குடும்பத்தில் உடம்பு சின்னதாக, வெள்ளையாக இருந்தால் நாம் அதைக் கொக்கு என்கிறோம். அதாவது தமிழ்ப் பேச்சு இந்தப் பறவைகளை உடம்பின் அளவையும் நிற்கிற தோரணையையும் வைத்துப் பிரிக்கிறது, விலங்கியல் எலும்பையும் மரபணுவையும் வைத்துப் பிரிக்கிறது. இரண்டு கோடுகளும் வேறு வேறு இடத்தில் ஓடுகின்றன. நீர்நிலையில் உயரமாக, சாம்பல் நிறத்தில், அசையாமல் நிற்கிற ஒன்றை நாரை என்று கூப்பிட்டவருக்கு அது எந்தக் குடும்பம் என்பது தேவைப்படவே இல்லை.

சரி, என்ன செய்யலாம்? ஹெரான் எல்லாம் கொக்கு, ஸ்டார்க் எல்லாம் நாரை என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் சாம்பல் கொக்கு என்று ஒரு பறவையை வாசகர் வேறு எந்தத் தமிழ் நூலிலும் பார்த்திருக்க மாட்டார், ஏற்கெனவே சாம்பல் நாரை என்று பழகியவர் இது வேறு பறவை போல என்று நினைத்துக்கொள்வார். புதுப் பெயர் உண்டாக்கினாலும் இதே கதைதான். என் கருத்து, பெயர்களைத் தொடக் கூடாது, வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். சாம்பல் நாரையும் செந்நாரையும் பெயரில் நாரை என்றாலும் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பறக்கும்போது கழுத்தை மடக்கித் தலையைத் தோளோடு ஒட்டி வைத்திருக்கும், நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் கழுத்தை நீட்டிப் பறக்கும் என்று எழுதினால் ஆங்கிலத்தில் இருந்ததைவிட வரி நீளும், ஆனால் ஏரிக்கரையில் நிற்பவருக்கு வேலைக்கு ஆகும். குடும்பத்துக்குப் பெயர் வேண்டுமென்றால் கொக்குக் குடும்பம் என்று தமிழில் சொல்லி Ardeidae என்று பக்கத்தில் வைத்துவிட்டால் போதும்.

இந்த ஒரு எடுத்துக்காட்டிலேயே மொத்தப் பிரச்சினையும் இருக்கிறது. ஆங்கிலக் கையேட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஆங்கிலப் பொதுப்பெயர் அங்கே பெரும்பாலும் குழு போட்டு முடிவு செய்த பெயர், ஒரு இனத்துக்கு ஒன்று என்று கணக்காக இருக்கும். தமிழ்ப் பெயர் அப்படி இல்லை, ஊருக்கு ஊர் மாறும், ஒரே பெயர் நாலு பறவைக்கு இருக்கும், சில பறவைக்குப் பெயரே இருக்காது. ஆகவே ஆங்கிலப் பொதுப்பெயரைத் தமிழாக்குவது என்பதே தப்பான தொடக்கம். அறிவியல் பெயரைப் பிடித்துக்கொண்டு, இந்த உயிரை இந்த ஊரில் என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று தேடுவதுதான் வேலை.

Ardeola grayii என்ற பறவையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதைக் குளத்தோடு சேர்த்துத்தான் சொல்வார்கள், அப்படியே பெயர்த்தால் இந்தியக் குளக்கொக்கு என்று வரும். தமிழ் நூல்களில் குருட்டுக் கொக்கு, மடையான் என்ற இரண்டு பெயர்கள் உண்டு. நாற்று நட்ட வயலில் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறத்தில், கழுத்தில் பழுப்புக் கோடுகளோடு, கிட்டத்தட்டக் காலில் மிதிபடும் தூரம்வரை அசையாமல் இருக்கும், எழுந்து பறந்தவுடன் இரண்டு இறக்கையும் பளீரென்று வெள்ளையாகத் தெரியும், மறுபடி உட்கார்ந்தால் வெள்ளை காணாமல் போய்விடும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு கருஞ்சிவப்பாக மாறும். குருட்டுக் கொக்கு என்ற பெயர் எதனால் வந்தது என்று மேலே சொன்ன நடத்தையைப் பார்த்தவருக்கு விளக்க வேண்டியதில்லை, ஆள் பக்கத்தில் வந்தும் கண் தெரியாத மாதிரி இருக்கிறதே. சிதம்பரம், காரைக்கால் பக்கம் டெல்டா வயல்களையும் சேர்த்துக்கொள்கிற கையேடு என்றால் மடையானைத் தலைப்பில் வைத்து, குருட்டுக் கொக்கை அடுத்த வரியில் கொடுப்பேன். குளக்கொக்கு எங்கேயும் வரத் தேவையில்லை.

புதுச்சேரியை மட்டும் வைத்து ஒரு கையேடு போடலாமே என்றால் அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. யூனியன் பிரதேசம் என்பது நாலு துண்டு. காரைக்கால் தெற்கே டெல்டாவில், மாஹே மலையாளக் கரையில், ஏனாம் தெலுங்குப் பக்கம். ஒரே அரசு அச்சடிக்கிற கையேட்டில் ஒரு பறவைக்கு மூன்று மொழியில் பெயர் வேண்டியிருக்கும், தமிழுக்குள்ளேயே புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் பேச்சு வேறு. அந்த நேரத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம் சாய்ந்த எழுத்தில் இருக்கும் அந்த இலத்தீன் பெயர்தான்.

ஊர்ப்பெயர் சேகரிப்பது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேடு கெடுவது பெரும்பாலும் இங்கேதான். படத்தைக் காட்டிக் கேட்டால் பறவைக்கு அளவு தெரியாது, சின்ன வெள்ளைக் கொக்கும் பெரிய வெள்ளைக் கொக்கும் காகிதத்தில் ஒரே உயரம்தான். முடிந்தவரை நேரில் காட்ட வேண்டும், முடியாவிட்டால் காக்காவைவிடப் பெரிசு, மைனா அளவு என்று சொல்லிக் காட்ட வேண்டும். செடி என்றால் இலை ஒன்றை மட்டும் கிள்ளிக்கொண்டு போனால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள், பூவோ காயோ இருக்கிற கிளையாகக் கொண்டுபோனால், அவர்களே கசக்கி முகர்ந்துவிட்டுச் சொல்வார்கள். இது மடையான்தானே என்று நாமே பெயரை எடுத்துக் கொடுத்தால் ஆமாம் என்பார்கள், அந்த ஆமாம் எதற்கும் உதவாது. பெயர் கேட்ட பிறகு இன்னொரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: இதே மாதிரி வேற ஒண்ணு இருக்கா, அதுக்கு என்ன பேரு? அதற்கும் அதே பெயரைச் சொன்னால் அது ஒரு இனத்தின் பெயர் இல்லை, ஒரு கூட்டத்தின் பெயர்.

உள்ளான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மரக்காணம் உப்பளத்திலும் கழுவெளியிலும் குளிர்காலத்தில் வந்து இறங்குகிற கரைப்பறவைகளில் பல இனங்கள் உண்டு, கால் நிறத்தையும் அலகு வளைவையும் வாலின் வெள்ளையையும் பார்த்துப் பிரிப்பதற்குள் அனுபவம் உள்ளவர்களே திணறுவார்கள். பேச்சில் அதெல்லாம் உள்ளான்தான். கையேட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வேண்டும், அதனால் பச்சைக்கால் உள்ளான், பொரி உள்ளான் என்று அடைமொழி சேர்த்த பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. அவை தப்பு இல்லை, ஆனால் அவற்றை ஊரில் வழங்கும் பெயர் மாதிரிக் காட்டுவது தப்பு. நான் பார்த்த வரையில் நல்ல வழி, ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு சின்னக் குறி போடுவது: ஊர் வழக்கு என்றால் ஒன்று, நூல் வழக்கு என்றால் ஒன்று, மொழிபெயர்த்தவரே வைத்தது என்றால் ஒன்று. ஊர் வழக்கு என்றால் எந்தப் பகுதி என்பதும் வேண்டும். ஒரு கிராமத்தில் கேட்டதைக் கடலூர் மாவட்டம் முழுக்க என்று எழுதிவிடக் கூடாது, பண்ருட்டி முந்திரிக் காட்டில் இருப்பவரும் பரங்கிப்பேட்டை மீனவரும் ஒரே பறவையை ஒரே பெயரில் கூப்பிட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

செடிகொடிப் பக்கம் வந்தால் பிச்சாவரம்தான் பெரிய சோதனை. படகில் போகும்போது கால்வாயின் இரண்டு பக்கமும் வில்லாக வளைந்து தண்ணீருக்குள் இறங்குகிற வேர்களும், கிளையிலேயே முளைவிட்டுப் பச்சைக் குச்சி மாதிரித் தொங்குகிற கன்றுகளுமாக ஒரு மரம் நிற்கும். அது Rhizophora. இங்கே அதற்குப் பெயர் சுரபுன்னை. காட்டையே சுரபுன்னைக் காடு என்பவர்கள் உண்டு, உண்மையில் உள்ளே தள்ளிப் போனால் அதிகம் நிற்பது Avicennia marina என்ற வெண்கண்டல், சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி மேலே நிமிர்கிற மூச்சு வேர்கள் அதன் அடையாளம். இப்போது சுரபுன்னை என்பதைத் தமிழ்ப் பேரகராதியில் தேடினால் வேறு ஒரு மரம் வரும். இன்றைய பெயரில் Mammea suriga, மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரம், வாசமான பூ, புன்னைக்கு உறவு. உப்புத் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்து யோசித்தால்தான் ஆபத்து புரியும். வேறு ஒருவர் மேற்கு மலையின் மரங்களைப் பற்றிய கையேட்டைத் தமிழாக்கி அதில் Mammea suriga என்பதற்குச் சுரபுன்னை என்று சரியாகவே போடுகிறார். இங்கே ஒருவர் Rhizophora என்பதற்குச் சுரபுன்னை என்று சரியாகவே போடுகிறார். இரண்டையும் படித்த ஒரு மாணவி, சுரபுன்னை மலையிலும் வளரும் கழிமுகத்திலும் வளரும் என்று பரீட்சையில் எழுதுவாள். தவறு எங்கே நடந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. பெயரோடு இடத்தையும் ஒட்டி வைத்தால்தான் இது நிற்கும்: சுரபுன்னை, பிச்சாவரம் வழக்கு. கூடவே ஒரு வரி, அகராதிகளில் இப்பெயர் வேறு மரத்தைக் குறிக்கும் என்று.

அதே காட்டில் தில்லை மரமும் இருக்கிறது, Excoecaria agallocha. சிதம்பரத்துக்கே பெயர் கொடுத்த மரம், கோயிலின் தல மரம். அதன் பால் தோலில் பட்டால் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, ஆங்கிலப் பெயர்களில் சில அந்தக் கண் கெடுவதை வைத்தே வந்தவை. அவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ஒரு புதுப் பெயரைத் தலைப்பில் போட்டால் தில்லை என்று தெரிந்தவர்கூட அடையாளம் காணாமல் கிளையை ஒடிப்பார். எச்சரிக்கை பெயரில் இருக்க வேண்டியதில்லை, உடனடுத்த வரியில் தடித்த எழுத்தில் இருந்தால் போதும்.

இனி அறிவியல் பெயர். அதை மொழிபெயர்க்கக் கூடாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. தமிழ் எழுத்தில் எழுதலாமா என்பதில்தான் சண்டை. பதிப்பாளர்களில் சிலர் பக்கம் முழுக்கத் தமிழாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், ஆசை புரிகிறது. ஆனால் ஒரு விஷயம் சொல்கிறேன். ஆல், அரசு, அத்தி எல்லாம் Ficus. மரங்கொத்திகளில் ஒரு பேரினம் Picus. தமிழில் எழுதிவிட்டு, ஆய்த எழுத்தை அச்சுக்கோப்பவர் ஒரு முறை விட்டுவிட்டால் போதும், ஆலமரமும் மரங்கொத்தியும் பைகஸ் என்று ஒன்றாகிவிடும். க, ச, ட, த, ப எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு, தமிழ் வடிவத்திலிருந்து இலத்தீன் வடிவத்துக்குத் திரும்பிப் போக வழி இல்லை. வாசகர் அந்தப் பெயரை எதற்குப் பயன்படுத்துவார்? கைபேசியில் தட்டித் தேடுவதற்கு. அதற்கு ரோமன் எழுத்துதான் வேண்டும், எழுத்துக்கு எழுத்து சரியாக வேண்டும். எப்படி உச்சரிப்பது என்று முன்னுரையில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளலாம்.

அறிவியல் பெயரின் பொருளை நம்பி எதையும் எழுதிவிடவும் கூடாது. மாட்டின் பக்கத்திலேயே திரிகிற உண்ணிக்கொக்கின் பழைய பெயர் Bubulcus ibis. ஐபிஸ் என்பது அரிவாள்மூக்கனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், இந்தக் கொக்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, பெயர் வைத்த காலத்துக் குழப்பம் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. பெயர் என்பது ஒரு அடையாளச் சீட்டு, அவ்வளவுதான், விதிப்படி முதலில் வைத்தது நிற்கும்.

நிற்கும் என்று சொன்னேன், ஆனால் முழுக்க நிற்காது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. கடலூர் விழுப்புரம் பக்கம் வேலிக்காத்தான் என்றும் தெற்கே சீமைக்கருவேலம் என்றும் சொல்லும் அந்த முள்மரம் நெடுங்காலம் Prosopis juliflora. 2022இல் வந்த ஆய்வு அந்தப் பேரினத்தைப் பிரித்தது, இப்போது Neltuma juliflora. வன்னி மரம் மட்டும் Prosopis cineraria என்றே இருக்கிறது. நம் கருவேல மரம் Acacia nilotica என்று இருந்தது, Acacia என்ற பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு விட்டுக்கொடுக்கும்படி 2005இல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் முடிவானதால் இப்போது Vachellia nilotica. வேலிக்காத்தான் என்ற பெயர் இந்தக் கலவரம் எதுவும் தெரியாமல் அப்படியே இருக்கிறது. ஊர்ப்பெயர் இடத்துக்கு இடம் மாறும், அறிவியல் பெயர் காலத்துக்குக் காலம் மாறும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் சொந்த எடுத்துக்காட்டே ஒன்று இருக்கிறது, கௌதாரி. பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னரா இந்தப் பக்கம் வந்து பார்த்து எழுதியது 1782இல் வெளியானது, அதை வைத்து ஜெர்மானியரான கெமலின் 1789இல் இலத்தீன் பெயர் வைத்தார். அந்தப் பெயரின் இரண்டாம் பாதி pondicerianus, அதாவது பாண்டிச்சேரியைச் சேர்ந்தது. கையேடுகளில் நெடுங்காலம் Francolinus pondicerianus என்று இருந்தது, இப்போது Ortygornis pondicerianus. முதல் பாதி போய்விட்டது, பாண்டிச்சேரி போகவில்லை. பேரினம் மாறும்போது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், இரண்டாம் பாதி தங்கிவிடும், இலக்கணத்துக்காக ஈறு மட்டும் கொஞ்சம் மாறலாம். குயில் Eudynamys scolopacea என்று இருந்து scolopaceus ஆனது அப்படித்தான்.

மூலநூல் பழையது என்றால் மொழிபெயர்ப்பவர் என்ன செய்ய வேண்டும்? சத்தமில்லாமல் புதுப் பெயரை மாற்றிப் போடக் கூடாது, மூலத்தோடு ஒப்பிடுபவர் குழம்புவார். பழையதை அப்படியே விட்டுவிடவும் கூடாது, இன்றைய பட்டியலில் தேடுபவருக்குக் கிடைக்காது. புதுப் பெயரைப் போட்டு, முன்பு இன்னது என்று அடுத்துக் கொடுப்பதுதான் சரி. எந்த ஆண்டின் எந்தப் பட்டியலைப் பின்பற்றினோம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டால் பின்னால் வருபவருக்கு வேலை எளிது.

இதைவிட மோசமானது, பெயர் மாறாமலே தப்பாக இருப்பது. மஞ்சள் காமாலைக்குக் கொடுக்கிற கீழாநெல்லியைப் பல தமிழ் மூலிகை நூல்கள் Phyllanthus niruri என்று எழுதிக்கொண்டே வந்தன. அந்தப் பெயருக்கு உரிய செடி அமெரிக்கக் கண்டத்தது, நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் Phyllanthus amarus. ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்கு எடுத்து எழுதினால் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் எல்லா நூலும் ஒத்துப்போகும். செடியைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். கூடவே ஒரு ஆள்மாறாட்டக்காரனும் இருக்கிறான், Phyllanthus urinaria, அதையும் கீழாநெல்லி என்று பறித்துவிடுவார்கள். அதன் காய் காம்பே இல்லாத மாதிரி ஒட்டிக்கொண்டு மேலே சொரசொரப்பாக இருக்கும், பூவிதழ் ஆறு. நம் கீழாநெல்லியின் காய் வழவழப்பு, சின்னக் காம்பு உண்டு, இதழ் ஐந்து. ஒரு சின்ன லென்ஸ் போதும். சரிபார்ப்பதற்குப் புதுச்சேரியில் வசதியும் இருக்கிறது, பிரெஞ்சு நிறுவனத்தில் உலர்செடித் தொகுப்பு வைத்திருக்கிறார்கள், சந்தேகம் வந்தால் காய்ந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியில் வருகிற பெயரடைவை யாரும் மதிப்பதில்லை, அவசரமாகக் கணினியில் தட்டி எடுத்து ஒட்டிவிடுவார்கள். பறவையும் செடியும் சேர்ந்த கையேட்டில் அங்கேதான் எல்லாம் வெடிக்கும். செம்போத்து என்ற Centropus sinensis பறவைக்குப் பல ஊர்களில் செண்பகம் என்று பெயர், Magnolia champaca மரத்துக்கும் செண்பகம். அடைவில் ஒரே செண்பகத்தின் எதிரே இரண்டு பக்க எண் போட்டால் வாசகர் மரத்தைத் தேடிப் பறவைக்குப் போவார், செண்பகம் பறவை, செண்பகம் மரம் என்று இரண்டு வரியாகத்தான் போட வேண்டும். கௌதாரி என்றும் கவுதாரி என்றும் எழுதுவார்கள், இரண்டும் அடைவில் வேண்டும். ஊர் வழக்கு ஒவ்வொன்றும் தனி வரியாக வரும்போது அடைவு நீண்டு பக்கம் கூடும், பதிப்பாளர் முணுமுணுப்பார், கொடுக்க வேண்டியதுதான், ஏனென்றால் வாசகர் கையில் இருப்பது அவர் ஊர்ப்பெயர் மட்டும்தான்.

அறிவியல் பெயர்களுக்குத் தனி அடைவு போடும்போது வழக்கமாகப் பேரினத்தை வைத்து வரிசைப்படுத்துவார்கள். அதோடு இரண்டாம் பாதியை வைத்தும் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது. pondicerianus என்று தேடினாலும், juliflora என்று தேடினாலும், பழைய நூலைப் படித்தவரும் புதிய பட்டியலைப் பார்த்தவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேருவார்கள்.